திப்புவோட ராக்கெட்டைப் பத்தியே பேசுறோம், கம்பெனி பயந்தது வேற ஒண்ணுக்கு

ஒவ்வொரு நவம்பர்லயும் கர்நாடகாவுல திப்பு ஜெயந்தி சண்டை ஒரு தடவை தலைதூக்கும். 2015ல அரசு விழாவா ஆரம்பிச்சு 2019ல ரத்து ஆயிடுச்சு, ஆனா வாக்குவாதம் மட்டும் ரத்தாகல. அப்போ வாட்ஸப்ல ரெண்டு வகை ஃபார்வர்டு சுத்தும். ஒண்ணு, உலகத்துலயே முதல் ஏவுகணை விட்டவர் திப்பு, அதைப் பாத்து வெள்ளைக்காரன் நடுங்குனான். இன்னொண்ணு, அது வெறும் தீபாவளி வாணம், அதுனால ஒரு மண்ணும் ஆகல, கடைசில தோத்துத்தான போனாரு. ரெண்டையும் படிக்கிறவங்களுக்கு ஒரு குழப்பம் வரும். அவ்வளவு நல்ல ஆயுதம்னா ஏன் தோத்தாரு? ஒண்ணுமில்லாத ஆயுதம்னா இங்கிலீஷ்காரன் ஏன் அதை லண்டனுக்குத் தூக்கிட்டுப் போய் காப்பியடிச்சான்?

ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு, ஆனா அது ராக்கெட்டுக்குள்ள இல்ல. அடிப்படையில இருந்து வருவோம்.

யாருக்கும் யாருக்கும் சண்டை

கும்பினின்னு நம்ம கட்டபொம்மன் கதைப்பாட்டுல எல்லாம் வருமே, அந்த கிழக்கிந்தியக் கம்பெனிதான் ஒரு பக்கம். பேருக்கு வியாபாரக் கம்பெனி, ஆனா 1765ல வங்காளத்துல வரி வசூல் உரிமை கைக்கு வந்ததுல இருந்து அது வரிப்பணத்துல பட்டாளம் வச்சிருக்கிற ஒரு அரசாங்கம். மெட்ராஸ்ல பணம் தீந்தா கல்கத்தாவுல இருந்து வரும். இது முக்கியம், பின்னாடி தேவைப்படும்.

இன்னொரு பக்கம் மைசூர். உடையார் அரசர்களோட ராணுவத்துல சிப்பாயா இருந்து மேல வந்த ஹைதர் அலி, நடுவுல நம்ம திண்டுக்கல்லுல ஃபவுஜ்தாரா, அதாவது படையோட சேந்த வட்டார அதிகாரியா இருந்தவரு, 1761 வாக்குல மொத்த அதிகாரத்தையும் கைல எடுத்துக்கிட்டாரு. அவரோட மகன் திப்பு. அப்பாவும் மகனுமா கம்பெனியோட நாலு போர்:

1. 1767 – 1769: ஹைதர் குதிரைப்படையோட மெட்ராஸ் வாசல் வரைக்கும் வந்துட்டாரு, கம்பெனி சமாதானம் பேசுச்சு. யாராவது நம்மள தாக்குனா ஒருத்தருக்கொருத்தர் உதவணும்னு ஒப்பந்தம். அடுத்த வருஷமே மராட்டியர்கள் மைசூர் மேல வந்தப்போ கம்பெனி கைய கட்டிக்கிட்டு நின்னுச்சு. ஹைதர் இதை கடைசி வரைக்கும் மறக்கல.
2. 1780 – 1784: நடுவுல 1782 டிசம்பர்ல ஹைதர் செத்துப் போறாரு, திப்பு பட்டத்துக்கு வர்றாரு. மங்களூர் ஒப்பந்தம், கிட்டத்தட்ட சமநிலை.
3. 1790 – 1792: திப்பு பாதி ராஜ்யத்தை இழக்குறாரு.
4. 1799: மூணு மாசத்துல முடிஞ்சது. திப்பு உயிரும் அதோட போச்சு.

இந்த வரிசைய பாத்தாலே ஒண்ணு உறுத்தணும். ராக்கெட் நாலு போர்லயும் இருந்துச்சு, சொல்லப்போனா கடைசி ரெண்டுல முன்னைவிட ஜாஸ்தியா இருந்துச்சு. ஆனா முடிவு மட்டும் தலைகீழா போகுது. அப்போ வெற்றி தோல்விய தீர்மானிச்சது வேற ஏதோ.

அந்த வாணம் எப்படி வேலை செஞ்சுது

ராக்கெட்ங்கறது புதுசு இல்ல, வாணம்னு நம்ம மொழியிலயே பேர் இருக்கு, கோயில் திருவிழாவுல விடுறதும் அதேதான். சீனாவுலயும் இந்தியாவுலயும் போர்ல வாணம் விட்ட பழக்கம் ரொம்ப காலமா உண்டு. மைசூர்க்காரங்க மாத்தினது ஒரே ஒரு விஷயம், குழாய். அதுவரைக்கும் மூங்கில்லயோ காகித அட்டையிலயோ செஞ்ச குழாயை இவங்க தட்டி எடுத்த இரும்புத் தகட்டுல செஞ்சாங்க.

அதுனால என்னன்னா, தீபாவளி ராக்கெட்டை யோசிச்சுப் பாருங்க. உள்ள இருக்கிற கருமருந்து எரிஞ்சு வாயு ஆகுது, அது கீழ இருக்கிற சின்ன ஓட்டை வழியா வேகமா வெளிய வருது, அந்த உதையிலதான் ராக்கெட் மேல போகுது. உள்ள அழுத்தம் எவ்வளவு கூடுதோ அவ்வளவு உதை. ஆனா காகிதக் குழாய்ல மருந்தை இறுக்கி அடைச்சு அழுத்தத்தை ஏத்துனா குழாயே கிழிஞ்சு கைல வெடிச்சிடும். இரும்பு கிழியாது, அதனால மருந்தை நல்லா இடிச்சு அடைக்கலாம், அதே அளவு ராக்கெட் பல மடங்கு தூரம் போகும். ஒரு கிலோமீட்டர் வரைக்கும் சாதாரணமா போச்சு, பெரிய வகை அதுக்கு மேலயும். அந்தக் காலத்து துப்பாக்கி நூறு மீட்டருக்கு அப்புறம் குறி தப்பும்னு வச்சுக்கிட்டா இது எவ்வளவு பெரிய தூரம்னு புரியும்.

குழாய் நீளம் ஒரு சாண் கிட்ட, ஒரு முனை மூடியிருக்கும், இன்னொரு முனைல ஓட்டை. அதை நீளமான மூங்கில் கழில தோல் வாரால இறுக்கிக் கட்டுவாங்க. கழி எதுக்குன்னா நேரா போறதுக்கு, இது இல்லன்னா ராக்கெட் காத்துல குட்டிக்கரணம் போடும். சில வகைல மூங்கிலுக்குப் பதிலா வாள் அலகையே கட்டினாங்க, விழும்போது சுழண்டுக்கிட்டே வந்து வெட்டும்.

2018ல ஷிமோகா மாவட்டத்துல பிதனூர் பக்கம் ஒரு பாழுங்கிணத்தைத் தூர்வாரும்போது ஆயிரத்துக்கும் மேல இந்தக் குழாய்ங்க கிடைச்சுது. கிணத்து மண்ணுலயே வெடிமருந்து வாசனை வந்ததாலதான் தோண்டிப் பாத்தாங்களாம். பிதனூர்ங்கறது திப்புவோட ஆயுதப் பட்டறை இருந்த ஊர்கள்ல ஒண்ணு. அவ்வளவையும் ஒரே இடத்துல பாத்தா இது ஏதோ வித்தைக்காரன் சமாச்சாரம் இல்ல, வரிசையா அடிச்சுத் தள்ளுன சரக்குன்னு புரியும்.

ஆளுங்களும் அப்படித்தான். திப்புவோட காலாட்படை குஷூன்னு சொல்ற பிரிவுகளா இருக்கும், ஒவ்வொரு குஷூன்லயும் இருநூறு பேர் வாணக்காரங்க. ஹைதர் காலத்துல மொத்தம் ஆயிரத்து இருநூறு பேர்னு இருந்தது திப்பு காலத்துல ஐயாயிரம் வரைக்கும் போச்சு. இலக்கு எவ்வளவு தூரம், குழாய் என்ன குறுக்களவு, அதுக்கு எவ்வளவு சாய்ச்சு வைக்கணும்னு அவங்களுக்குப் பயிற்சி உண்டு. ஒரே நேரத்துல அஞ்சுல இருந்து பத்து வரைக்கும் விடுற மாதிரி சக்கரம் வச்ச வண்டியும் இருந்துச்சு.

இப்போ குறை. இந்த ராக்கெட்டுக்கு குறி கிடையாது. மருந்து எரிய எரிய எடை மாறுது, காத்தடிச்சா கழி திரும்புது, அதனால ஒரே இடத்துல இருந்து பத்து விட்டா பத்தும் பத்து இடத்துல விழும். சிலது தரையோட தரையா பாம்பு மாதிரி நெளிஞ்சு ஓடும், குதிரை, மாடு கால்ல அதுதான் ரொம்ப மோசம். கோட்டைச் சுவரை இடிக்கவும் முடியாது, அதுக்கு கனமான இரும்பு குண்டு ஒரே இடத்துல திரும்பத் திரும்ப விழணும். அப்போ இது எங்க உபயோகம்? நெருக்கமா ஒரு கூட்டம் இருக்கணும், அது நகர முடியாம மாட்டிக்கிட்டு இருக்கணும், கூடவே மாடு, வெடிமருந்து வண்டி இருந்தா இன்னும் நல்லது. இந்த மூணும் சேந்து கிடைச்ச இடம் நம்ம காஞ்சிபுரம் பக்கம்.

பொள்ளிலூர், 1780 செப்டம்பர் 10

ஹைதர் 1780 ஜூலைல பெரும்படையோட கர்நாடகத்துக்குள்ள, அதாவது இன்னிக்கு வட தமிழ்நாட்டுக்குள்ள இறங்குனாரு. மெட்ராஸ்ல இருந்து ஹெக்டர் மன்றோ ஒரு படையோட காஞ்சிபுரம் வந்தாரு. பீகார்ல பக்சார் போரை ஜெயிச்சவர், சின்ன ஆள் இல்ல. குண்டூர் பக்கத்துல கர்னல் பெய்லி கிட்ட இன்னொரு சின்னப் படை. ரெண்டும் சேந்துட்டா ஹைதர் தாக்குப்பிடிக்கிறது கஷ்டம்.

பெய்லி ஆகஸ்ட் 25 கொற்றலையாத்துக்கு வந்தப்போ தண்ணி கம்மியாத்தான் இருந்துச்சு. காலைல தாண்டிக்கலாம்னு இக்கரைல கூடாரம் போட்டாரு. ராத்திரி வெள்ளம் வந்துச்சு. அப்புறம் ஒரு வாரத்துக்கு மேல ஆத்தங்கரைலயே உக்காந்திருந்தாரு. அந்த ஒரு வாரத்துல ஹைதர் திப்புவை நடுவுல அனுப்பிட்டாரு. செப்டம்பர் 6ல பேரம்பாக்கம் பக்கம் முதல் மோதல், அங்க இருந்து காஞ்சிக்கு ஒரு நாள் நடைதான், ஆனா பெய்லியால நகர முடியல. மன்றோ தானே வராம ஃப்ளெட்சர்ங்கற அதிகாரி கூட ஆயிரம் பேரை ராத்திரியோட ராத்திரியா அனுப்புனாரு. எல்லாம் சேந்து சுமார் மூவாயிரத்து எண்ணூறு பேர்.

9ஆம் தேதி ராத்திரி கிளம்பினவங்க நடுவழில நின்னுட்டாங்க. ஏன் நின்னாருன்னு இன்னிக்கு வரைக்கும் பெய்லிய திட்டுறவங்க உண்டு. 10ஆம் தேதி விடிஞ்சப்போ திப்பு ஒரு பக்கம், ஹைதரோட முழுப்படையும் இன்னொரு பக்கம், திறந்த வெளில நடுவுல இவங்க. பீரங்கியும் வாணமும் நாலாபக்கமும் விழுந்துக்கிட்டு இருக்கும்போது பெய்லியோட வெடிமருந்து வண்டிங்க வெடிச்சிடுச்சு. வெடிக்க வச்சது பீரங்கி குண்டா வாணமாங்கறதுல அன்னிக்கு அங்க இருந்தவங்களே ஒத்துப்போகல, அதனால ராக்கெட்தான் பொள்ளிலூரை ஜெயிச்சுதுன்னு அடிச்சுச் சொல்ற ஃபார்வர்டை கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிடணும். எப்படியோ, மருந்து போயிடுச்சு, பீரங்கி ஊமையாயிடுச்சு. மிச்சம் இருந்தவங்க சதுரமா நின்னு குதிரைப்படையோட பாய்ச்சலை திரும்பத் திரும்ப தள்ளினாங்க, கடைசில சரணடைஞ்சாங்க. இது கேள்விப்பட்ட மன்றோ, கனமான பீரங்கிங்களை காஞ்சிபுரம் கோயில் குளத்துல தள்ளிட்டு மெட்ராஸ் பக்கம் ஓடுனாரு.

ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் அரண்மனைக்குப் போனா சுவர்ல இந்தக் காட்சி பெருசா வரைஞ்சிருக்கும். நடுவுல பல்லக்குல காயத்தோட பெய்லி, சுத்தி சதுரமா நிக்கிற சிவப்பு சட்டைங்க, ஒரு ஓரத்துல வெடிக்கிற வண்டி. அந்தப் படத்தை நின்னு பாத்தா ஒண்ணு தெரியும், பெய்லி தோத்தது ஒரு ஆயுதத்துக்கு இல்ல. ஆறு, தனியா வந்தது, வராத மன்றோ, வேகமா வந்த குதிரைப்படை, எல்லாம் சேந்துதான். வாணம் அந்த நெருக்கடிய நரகமாக்குச்சு, அவ்வளவுதான்.

அதே வாணம், 1799 ஏப்ரல் 5

பத்தொன்பது வருஷம் கழிச்சு. கம்பெனிப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எதிர்ல வந்து உக்காந்தாச்சு. கோட்டைக்கும் கூடாரத்துக்கும் நடுவுல சுல்தான்பேட்டைனு ஒரு தோப்பு, தோப்புக்குள்ள வாய்க்கால் வாய்க்காலா ஓடுது, அங்க இருந்து வாணக்காரங்க கூடாரத்து மேல விட்டுக்கிட்டே இருந்தாங்க. ராத்திரி தோப்பைப் பிடிக்கச் சொல்லி அனுப்பினது கர்னல் ஆர்தர் வெல்லஸ்லிய. பின்னாடி வெலிங்டன்னு பட்டம் வாங்கி, வாட்டர்லூல நெப்போலியனை ஜெயிக்கப் போற அதே ஆளு.

கும்மிருட்டு. தோப்புக்குள்ள நுழைஞ்சதும் எந்தப் பக்கம் வாய்க்கால் எந்தப் பக்கம் மரம்னு தெரியல, எல்லாப் பக்கமும் துப்பாக்கி, வாணம். வாணத்தோட வெளிச்சத்துல ஒரு நொடி எல்லாம் தெரியும், அடுத்த நொடி முன்னைவிட இருட்டு. படை சிதறிப் போச்சு, வெல்லஸ்லிக்கு முட்டில அடி, பன்னெண்டு பேர் உயிரோட பிடிபட்டாங்க. தான் தோத்துட்டேன்னு தளபதி கிட்ட அவரே போய் சொல்ல வேண்டியதாச்சு.

மறுநாள் காலைல? வெளிச்சத்துல, கூட கொஞ்சம் ஆளோட போய் அதே தோப்பை சுலபமா பிடிச்சிட்டாரு. ராக்கெட்டோட பலமும் பலவீனமும் இந்த ஒரு ராத்திரி ஒரு காலைக்குள்ள அடங்கிடும். எதிரியோட ஒழுங்கைக் கலைக்கும். எதிரி மறுபடி ஒழுங்குபடுத்திக்கிட்டு வந்தா தடுக்காது. மறுபடி வர்றதுக்கு எதிரி கிட்ட சோறும் மாடும் பணமும் இருக்கான்னுதான் கேள்வி.

கம்பெனி உண்மைல பயந்தது

பின்னாடி மெட்ராஸ் கவர்னர் ஆன தாமஸ் மன்றோ (மேல சொன்ன மன்றோ இல்ல, வேற ஆளு) அப்போ சின்ன அதிகாரி. மராட்டியரை விட திப்புதான் நமக்கு ஆபத்துன்னு எழுதிக்கிட்டே இருந்தவரு. அவர் காரணமா காட்டுனது ராக்கெட்டை இல்ல, திப்புவோட நிர்வாகத்தை. அதுல மூணு விஷயம் சண்டைக்கு நேரடியா சம்பந்தப்பட்டது.

1. வரி. அன்னிக்கு பெரும்பாலான ராஜ்யத்துல குடியானவன் கட்டுற வரி பாளையக்காரர், ஜமீன், குத்தகைக்காரன்னு கைமாறி வந்து ராஜாவுக்குச் சேரும்போது பாதி கரைஞ்சிருக்கும். தளபதிகளுக்கும் சம்பளத்துக்குப் பதிலா ஜாகீர் நிலம், அதனால அவங்க தனி ராஜாக்கள் மாதிரி. ஹைதரும் திப்புவும் பாளையக்காரர்களை ஒடுக்கி, சம்பளம் வாங்குற அமில்தார்களை வச்சு நேரா வசூல் பண்ணாங்க, பட்டாளத்துக்குப் பணமா சம்பளம் கொடுத்தாங்க. உழவுக்குக் கடன் கொடுத்து தரிசு நிலத்தை உழ வைக்கிற வேலையும் நடந்துச்சு. இது எல்லாருக்கும் இனிச்சதுன்னு இல்ல, வரி கடுமைதான். ஆனா காசு கஜானாவுக்கு வந்துச்சு.

2. வியாபாரம். இதுதான் கம்பெனிய நேரடியா சுட்டுச்சு. திப்பு மிளகு, சந்தனம், ஏலக்காய் அரசாங்க ஏகபோகம்னு ஆக்கி, மலபார் துறைமுகங்கள்ல கம்பெனிக்கு மிளகு கிடைக்காம பண்ணாரு. மஸ்கட்லயும் கட்ச்லயும் அரசாங்கக் கோட்டி, அதாவது கிடங்கோட சேந்த வியாபார ஆபீஸ், திறந்தாரு. பட்டுப்புழு கொண்டுவந்து வளக்கச் சொன்னாரு, மைசூர் பட்டுக்கு அங்கதான் ஆரம்பம். மஸ்கட்ல இருக்கிற ஏஜெண்டுக்கு குங்குமப்பூ விதை, பேரீச்சை கன்னு, முத்துக்குளிக்கிற ஆளுன்னு லிஸ்ட் போட்டு எழுதுவாரு. 1793 – 94 வாக்குல போட்ட விதிகள்ல ஜனங்களே அரசாங்க வியாபாரத்துல பணம் போடலாம்னு இருக்கு, சின்னத் தொகை போட்டவனுக்கு நூத்துக்கு ஐம்பது லாபம், தொகை பெருசாக ஆக 25, அப்புறம் 12. ஏழைய உள்ள இழுக்கிற கணக்கு. சுருக்கமா சொன்னா கம்பெனி என்ன பண்ணிச்சோ அதையே ஒரு ராஜா பண்ண ஆரம்பிச்சாரு, வியாபாரத்துல காசு, காசுல பட்டாளம், பட்டாளத்தால வியாபாரம்.

3. மாடு. சிரிக்காதீங்க, இதுதான் ரொம்ப முக்கியம். ஒரு கோட்டைய உடைக்கிற பீரங்கிய இழுக்க டஜன் கணக்குல மாடு வேணும், படைக்கு அரிசி சுமக்க ஆயிரக்கணக்குல. பழைய உடையார் காலத்துல பென்னே சாவடின்னு ஒரு அரண்மனை மாட்டுப்பண்ணை இருந்துச்சு, பென்னேன்னா கன்னடத்துல வெண்ணெய். திப்பு அதுக்கு அம்ருத் மஹால்னு பேர் வச்சு ராணுவத்துக்கு இழுவை மாடு வளக்கிற துறையாவே ஆக்குனாரு. அந்த மாடுங்க வேகமும் தாங்குசக்தியும் உள்ளது, அதனால மைசூர்ப் படை கம்பெனிப் படையைவிட ரெட்டிப்பு வேகத்துல நகரும். பொள்ளிலூர்ல பெய்லிய சுத்தி வளைச்ச அந்த வேகம் எங்க இருந்து வந்துச்சுன்னா இதுல பாதி பதில் இருக்கு.

இதோட நில்லாம புது நாள்காட்டி, புது மாசப் பேரு, புது நாணயம், புது அளவைன்னு மாத்துனதும் உண்டு. அதுல பலது சும்மா குழப்பத்தைத்தான் கூட்டுச்சுன்னு நான் நினைக்கிறேன். கடற்படை வேணும்னு உறைச்சப்போ ரொம்ப லேட், 1796ல நாப்பது கப்பலுக்குத் திட்டம் போட்டாரு, மூணு வருஷத்துல ஆளே இல்ல.

தூதுல எங்க கோட்டை விட்டாரு

1786ல ஒரு பெரிய தூதுக்குழு இஸ்தான்புல்லுக்குக் கிளம்புச்சு, நாலு கப்பல், நூத்துக்கணக்குல ஆளு. கப்பல் விபத்து, நோய்னு வழியிலயே பெரும்பாலானவங்க செத்தாங்க. 1787ல போய்ச் சேந்தவங்க கேட்டது படை உதவி, பஸ்ரா துறைமுகத்துல வியாபார உரிமை. கிடைச்சது பட்டமும் மரியாதையும். துருக்கி சுல்தானுக்கு அந்த நேரம் ரஷ்யாவோட போர், இங்கிலாந்தைப் பகைச்சுக்க முடியாது.

அடுத்தது பிரான்ஸ். பாண்டிச்சேரில இருந்து கிளம்புன மூணு தூதர்களை 1788 ஆகஸ்ட்ல பதினாறாம் லூயி வெர்சாய்ல ஆடம்பரமா வரவேற்றாரு. பாரிஸ் முழுக்க இவங்க தலைப்பாகை பேச்சுதான். ஆனா லூயியோட கஜானா காலி, அடுத்த வருஷமே புரட்சி. பீங்கான் சாமானும் சில கைவினைக்காரங்களும் தோட்டக்காரங்களும் வந்தாங்க, பட்டாளம் வரல.

இதே சமயம் பக்கத்து வீட்டுல என்ன நடந்துச்சு? 1785 – 87ல மராட்டியரும் ஹைதராபாத் நிஜாமும் திப்புவோட போர்ல இருந்தாங்க. மலபார்லயும் குடகுலயும் எழுந்த எதிர்ப்பை திப்பு கொடூரமா ஒடுக்குனாரு, ஆயிரக்கணக்குல ஜனங்களைப் பிடிச்சு இடம் மாத்துனாரு. அதை இன்னிக்கு வரைக்கும் அந்த ஊர்க்காரங்க மறக்கல, ஜெயந்தி சண்டைக்கு பாதிக் காரணம் அதுதான். தர்மநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், வெறும் போர்க்கணக்கா பாத்தாலும் இது பெரிய நஷ்டம். 1799ல கம்பெனியோட பம்பாய் படை கண்ணூர்ல இருந்து மலையேறி மைசூருக்கு வந்தது குடகு வழியா, குடகு ராஜாவோட உதவியோட.

1789 டிசம்பர் கடைசில திருவிதாங்கூர் எல்லைச் சுவரைத் தாக்குனதுதான் எல்லாத்துக்கும் மேல. திருவிதாங்கூர் கம்பெனியோட நட்பு நாடு. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுக்கு சாக்கு கிடைச்சுது, 1790லயே மராட்டியர், நிஜாம் ரெண்டு பேரையும் கூட்டணில சேத்துட்டாரு. திப்புவோட தூதர்கள் ஆயிரக்கணக்கான மைல் போனாங்க, கார்ன்வாலிஸோட தூதர்கள் பூனாவுக்கும் ஹைதராபாத்துக்கும் போனாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு வருஷம் தள்ளிப்போன தோல்வி

இந்தக் கூட்டணி என்ன பண்ணுச்சுன்னு 1791 மே மாசத்தைப் பாத்தா தெரியும். கார்ன்வாலிஸ் பெங்களூரைப் பிடிச்சுட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிளம்பினாரு. திப்பு போற வழில புல்லு, தீவனம் எல்லாத்தையும் எரிச்சுட்டு, தன் குதிரைப்படைய விட்டு கம்பெனியோட ஒற்றர்களையும் தபாலையும் மறிச்சாரு. மே 15 அரிகெரே பக்கம் சண்டைல கம்பெனிதான் ஜெயிச்சுது. ஜெயிச்சு என்ன, மாடெல்லாம் செத்து விழுந்துக்கிட்டு இருக்கு, மழை, பட்டாளத்துக்குள்ள நோய். தலைநகர் கண்ணுக்குத் தெரியுது, பீரங்கிய இழுக்க மாடில்ல. கோட்டைய உடைக்கிறதுக்குன்னு இழுத்துட்டு வந்த பீரங்கிங்களை தன் கையாலயே உடைச்சுப் போட்டுட்டு கார்ன்வாலிஸ் திரும்புனாரு. ராக்கெட் சாதிக்காததை தீவனம் சாதிச்சுது.

திரும்பின அன்னிக்கே, மே 26, எதிர்ல ஒரு பெரிய குதிரைப்படை. திப்புவோடதுன்னு நினைச்சு பயந்தா, வந்தது மராட்டியப் படை, கூடவே ஒரு நடமாடும் சந்தை, தானியம், மாடு, எல்லாம் விலைக்கு. அவங்க வர்ற விஷயம் கார்ன்வாலிஸுக்குத் தெரியாததுக்குக் காரணம் திப்பு தபாலை மறிச்சதுதான், பாருங்க அந்த உத்தி எவ்வளவு பக்கத்துல வந்து தோத்துதுன்னு. கம்பெனி பட்டினில இருந்து எழுந்துக்கிச்சு. அடுத்த வருஷம், 1792 பிப்ரவரி 6 ராத்திரி, எல்லாரும் சேந்து மறுபடி வந்தாங்க.

மார்ச்ல போட்ட ஒப்பந்தம்:

1. ராஜ்யத்துல பாதி மூணு பங்காளிங்களுக்கு. கம்பெனி பங்குல மலபார், குடகு, திண்டுக்கல், இன்னிக்கு சேலம் – கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற பாராமஹால்.
2. மூணு கோடியே முப்பது லட்சம் ரூபா தண்டம்.
3. பணம் கட்டுற வரைக்கும் திப்புவோட ரெண்டு சின்னப் பசங்க பிணையா.

இதுல பசங்க விஷயம்தான் ஓவியம் ஓவியமா வரைஞ்சு பிரபலமாச்சு. ஆனா உயிர்நாடி முதல் ரெண்டுல. மிளகு விளையிற மலபார் போச்சு, கடலோரம் சுருங்குச்சு, வரி தர்ற நிலம் பாதியாச்சு. மேல சொன்ன சீர்திருத்தம் எல்லாம் எந்தக் காசுல ஓடுச்சோ அந்தக் காசோட வேர்லயே வெட்டு. ராக்கெட்டைத் தடை பண்ணணும்னு கம்பெனி கேக்கல பாருங்க, தேவைப்படல.

1799: ஆத்துல தண்ணி, வயித்துல அரிசி

திப்பு மறுபடி பிரான்ஸை நம்புனாரு. மொரீஷியஸுக்கு தூது விட்டாரு, ரகசியமா முடிய வேண்டிய விஷயம். அங்க இருந்த கவர்னர் மலார்த்திக் 1798 ஜனவரில திப்புவுக்கு உதவ ஆள் வேணும்னு பகிரங்கமா நோட்டீஸ் போட்டுட்டாரு. வந்த ஆளுங்க நூறு பேர் கூட இல்ல. நோட்டீஸ் மட்டும் கல்கத்தா பேப்பர்ல வந்துச்சு. புதுசா வந்திருந்த கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லஸ்லிக்கு, ஆர்தரோட அண்ணன், வேற சாட்சி எதுக்கு. அக்டோபருக்குள்ள நிஜாம் கிட்ட இருந்த பிரெஞ்சுப் பட்டாளத்தைக் கலைச்சு நிஜாமையும் கைக்குள்ள போட்டுக்கிட்டாரு. எகிப்துல இருந்து நெப்போலியன் 1799 ஜனவரில திப்புவுக்கு எழுதின கடிதம் கூட இங்கிலீஷ்காரன் கைலதான் சிக்குச்சு.

வேலூர்ல இருந்து கம்பெனித் தளபதி ஜெனரல் ஹாரிஸ், மேற்குல இருந்து பம்பாய் படை. திப்புவோட கணக்கு தப்பில்ல. ஸ்ரீரங்கப்பட்டணம் காவேரிக்கு நடுவுல தீவு, மே கடைசி – ஜூன்ல மழை பிடிச்சா ஆறு நிரம்பும், முற்றுகை போட்டவன் மாட்டிக்குவான், அதுவரைக்கும் தாங்கினா போதும். ஹாரிஸ் கிட்ட ஏப்ரல் பாதியிலயே அரிசி தட்டுப்பாடு, அரைப் படி கணக்குல ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பக்கமும் நாளை எண்ணிக்கிட்டு இருந்துச்சு.

மே 2ல கம்பெனி சுட்ட குண்டு ஒண்ணு கோட்டைக்குள்ள ராக்கெட் வச்சிருந்த கிடங்குல விழுந்து அது மொத்தமா வெடிச்சுது. பொள்ளிலூர் கதை அப்படியே திருப்பி. மே 3க்குள்ள மேற்குச் சுவர்ல ஓட்டை விழுந்திருச்சு. மே 4, மத்தியானம் ஒரு மணி, வெயில் நேரம், காவேரில இறங்கிக் கடக்கிற அளவு தண்ணி. படைக்கு முன்னாடி நின்ன டேவிட் பெய்ர்ட், பொள்ளிலூர்ல பிடிபட்டு இதே ஊர்ல மூணரை வருஷத்துக்கு மேல சிறைல கிடந்தவரு. சில நிமிஷத்துல ஆத்தைத் தாண்டி சுவர் மேல கொடி ஏறிடுச்சு. திப்புவோட மந்திரி மிர் சாதிக் காட்டிக்கொடுத்தாருன்னு ஒரு கதை உண்டு, அது உண்மையாவே இருந்தாலும் ஒரு மாசம் தள்ளிப் போயிருந்தா அந்தத் தண்ணி ஆள் மட்டத்துக்கு வந்திருக்கும்ங்கறதுதான் பெரிய விஷயம். சாயங்காலம் தண்ணி வாசல் பக்கம் பிணக்குவியலுக்குள்ள திப்புவோட உடம்பைக் கண்டுபிடிச்சாங்க.

கம்பெனி எதை எடுத்துக்கிட்டு போச்சு

கோட்டைக்குள்ள சுட தயாரா எழுநூறு ராக்கெட்டும், மருந்து அடைக்காத காலிக் குழாய் ஒன்பதாயிரமும் கிடைச்சுது. இந்த விகிதத்தைப் பாருங்க, இரும்பு இருந்துச்சு, அதை நிரப்பி விடத்தான் நேரமில்ல. சிலது லண்டன் பக்கம் வூல்விச்ல இருந்த ஆயுதக் கிடங்குக்குப் போச்சு, வில்லியம் காங்க்ரீவ் அதை வச்சு சோதனை பண்ணி, குழாயைப் பெருசாக்கி, 1806ல பிரான்ஸோட பூலோன் துறைமுகத்து மேலயும் 1807ல கோபன்ஹேகன் மேலயும் விட்டாரு. அங்கயும் அதே குணம்தான், நகர முடியாத ஊர் பத்தி எரிஞ்சுது, நகர்ற படை தப்பிச்சுது.

1792லயே கைக்கு வந்த பாராமஹால்ல கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்குக் கீழ நம்ம தாமஸ் மன்றோவும் குடியானவன் கிட்ட நேரா வரி போட்டு வசூலிச்சுப் பாத்தாங்க. ரயத்துவாரின்னு பேரோட அதுவே பின்னாடி மெட்ராஸ் மாகாணம் முழுக்கப் பரவுச்சு. நடுவுல ஜமீன் இல்லாம நேரா வசூல், எங்கயோ கேட்ட மாதிரி இருக்குல்ல.

அம்ருத் மஹால் மாடுங்க மைசூர் ராஜா பொறுப்புக்குப் போயி எண்ணிக்கையும் தரமும் குறைய ஆரம்பிச்சதும், 1813ல கம்பெனியே மறுபடி பொறுப்பை எடுத்துக்கிட்டு, ஒரு கேப்டனைப் போட்டு, பேரைக்கூட மாத்தாம பண்ணைய நடத்துச்சு.